ஜனவரியில் வந்த பணத்துக்கு ஜூனிலிருந்து வட்டி

கோயம்புத்தூரில் ஒரு நிலம் மூன்றரைக் கோடி ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரயம் முடிந்தது 2026 ஜனவரியில். நிலத்தை விற்றவருக்கு மூலதன ஆதாயம் கிடைக்கிறது. அந்த விற்பனையை முடித்துக்கொடுத்த மனைத் தரகருக்கு இரு தரப்பிலும் இரண்டு சதவீதம் வீதம், மொத்தம் 14 லட்சம் ரூபாய் கமிஷன் கிடைக்கிறது. இருவருக்கும் ஒரே வாரத்தில் பணம் வருகிறது. இருவரும் தத்தம் வரியைக் கணக்குப் பார்த்து மார்ச் 15க்குள் முழுவதுமாகக் கட்டிவிடுகிறார்கள். நிலம் விற்றவருக்கு அந்த ஆதாயத்தின் மீது வட்டி ஒரு ரூபாய்கூட இல்லை. தரகருக்கு முந்தைய ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளைக் கட்டவில்லை என்று வட்டி விழுகிறது.

இந்த வேறுபாடு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு நியாயம் உண்டா, எந்த அளவுக்கு உண்டு என்பதைப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லாமல், வந்தால் மொத்தமாக, வராவிட்டால் மாதக்கணக்கில் ஒன்றுமில்லாமல் பிழைப்பு நடத்துகிற லட்சக்கணக்கானவர்களை இது தொடுகிறது.

முதலில் விதி. ஓராண்டுக்கான வருமான வரியில் டிடிஎஸ் போக மீதி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதை அந்த ஆண்டுக்குள்ளேயே முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் மொத்தமாக 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100. தவறினால் இரண்டு விதமான வட்டி. தவணைக்குத் தவணை குறைந்த தொகைக்கு 234சி பிரிவின் கீழ் ஒன்று. ஆண்டு முடியும்போது மொத்த வரியில் 90 சதவீதம்கூடக் கட்டியிருக்காவிட்டால் 234பி பிரிவின் கீழ் இன்னொன்று. இரண்டும் மாதம் ஒரு சதவீதம், தனிவட்டி. 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. தவணை முறையும் அதன் தர்க்கமும் மாறவில்லை. நான் எடுத்துக்கொண்ட கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது என்பதால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே சொல்கிறேன்.

இப்போது நம் தரகரின் கணக்கு. செலவெல்லாம் போக ஜூன் பாதி வரை அவருக்குக் கிடைத்தது ஒரு லட்சம். செப்டம்பர் பாதிக்குள் அது மூன்று லட்சமாகிறது. டிசம்பர் பாதிக்குள் ஆறு லட்சம். இந்த வேகத்தில் போனால் ஆண்டு முடிவில் எட்டு லட்சம் வரும் என்பதே எந்த ஆடிட்டரும் போடக்கூடிய மதிப்பீடு. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை மொத்த வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே கிடையாது. ஆகவே ஜூனிலும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் அவர் கட்ட வேண்டிய முன்கூட்டிய வரி பூஜ்யம். அவர் கட்டவில்லை. அன்றைய நிலையில் அது சரியான முடிவு.

ஜனவரியில் 14 லட்சம் வந்ததும் ஆண்டு வருமானம் 20 லட்சமாகிவிடுகிறது. அதற்கு மேல் அவருக்கு வேறு வருமானம் வரவில்லை என்று கொள்வோம். புதிய முறையில் 20 லட்சத்துக்கான வரி இரண்டு லட்சம், நான்கு சதவீத செஸ் சேர்த்தால் 2,08,000 ரூபாய். அதே ஆண்டில் அதற்கு முன் ஒரு கட்டுமான நிறுவனம் கொடுத்த நான்கு லட்சம் கமிஷனில் இரண்டு சதவீதம், அதாவது 8,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருக்கிறது. நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் கணக்குத் தணிக்கைக்கு உட்படாத தனிநபர்கள் என்பதால் ஜனவரிக் கமிஷனில் பிடித்தம் எதுவும் இல்லை. ஆக, அவர் கட்ட வேண்டியது சரியாக இரண்டு லட்சம். அதை மார்ச் 15ஆம் தேதி கட்டிவிடுகிறார்.

ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மென்பொருள் 234சி வட்டியைக் கணக்கிடுகிறது. ஜூனில் கட்டியிருக்க வேண்டியது 30,000, அதற்கு மூன்று மாத வட்டி 900. செப்டம்பரில் 90,000, அதற்கு 2,700. டிசம்பரில் 1,50,000, அதற்கு 4,500. மொத்தம் 8,100 ரூபாய். மார்ச் தவணை முழுமையாகக் கட்டப்பட்டதால் அதற்கு வட்டி இல்லை. 234பி வட்டியும் இல்லை.

இந்த 8,100 ரூபாய் எதற்கான வட்டி? வட்டி என்பது பிறருடைய பணத்தை நாம் வைத்திருந்ததற்கான விலை. ஜூனில் அவரிடம் அரசின் பணம் எதுவும் இல்லை. செப்டம்பரிலும் இல்லை. டிசம்பரிலும் இல்லை. அந்தத் தேதிகளில் அந்த நிலத்துக்கு விலைகூடப் பேசப்படாமல் இருந்திருக்கலாம். சட்டத்தின் ஒரு பிரிவு, நடப்பு ஆண்டின் வருமானத்தை நீயே மதிப்பிட்டு வரி கட்டு என்று சொல்கிறது. 209ஆம் பிரிவின் சாரம் அதுதான். ஆனால் வட்டி போடும் 234சி அந்த மதிப்பீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆண்டு முடிந்து ரிட்டர்னில் காட்டிய வருமானத்தை எடுத்துக்கொண்டு, அது ஏப்ரல் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்ததுபோல் பின்னோக்கிப் பிரித்து வைக்கிறது. மதிப்பீடு நேர்மையானதா, அன்று கிடைத்த தகவலுக்குப் பொருத்தமானதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

இப்படிப் பின்னோக்கிப் பிரிப்பதால் வரக்கூடிய அநீதியைச் சட்டம் இயற்றியவர்கள் உணராமல் இல்லை. உணர்ந்ததற்கு அதே பிரிவில் உள்ள விலக்கே சான்று. மூலதன ஆதாயம், லாட்டரி போன்ற பரிசுகள், ஈவுத்தொகை, முதன்முறையாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் ஆகியவற்றை மதிப்பிடத் தவறியதால் தவணை குறைந்தால், பணம் வந்த பிறகு மீதமுள்ள தவணைகளில் அதற்குரிய வரியைக் கட்டினால் போதும், தவணை எதுவும் மீதமில்லை என்றால் மார்ச் 31க்குள் கட்டினால் போதும், வட்டி கிடையாது. தொழில் தொடங்கும் ஆண்டுக்கான சலுகை 2016இல் சேர்ந்தது, ஈவுத்தொகைக்கானது 2021இல். முன்கூட்டி அறிய முடியாத வருமானத்துக்கு முன்கூட்டி வரி கேட்பது முறையல்ல என்ற கொள்கையைச் சட்டமே ஏற்றுக்கொண்டு, அவ்வப்போது விரித்தும் வந்திருக்கிறது. தொடர்ந்து நடக்கும் தொழிலில் ஏறி இறங்கும் வருமானம் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. தரகுத் தொழிலின் முதல் ஆண்டில் இதே 14 லட்சம் வந்திருந்தால் நம் தரகருக்கு வட்டி இல்லை. இரண்டாம் ஆண்டில் வந்தால் உண்டு. ஓராண்டு அனுபவம் நிலம் எந்த மாதத்தில் விற்கும் என்று ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடும் என்று எந்த அடிப்படையில் கொள்வது?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் எடை உள்ளவை மூன்று. மூன்றையும் அவற்றின் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

சம்பளக்காரரோடு ஒப்பிடுவது முதல் வாதம். அவரிடம் மாதாமாதம் வரி பிடித்துவிடுகிறார்கள், தொழில் செய்பவர் மட்டும் மார்ச் வரை பணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி சரிதான். ஆனால் பதில் கேட்பவருக்கு எதிராகவே போகிறது. ஒரு சம்பளக்காரருக்கு ஜனவரியில் எதிர்பாராத போனஸ் வந்தால், நிறுவனம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கூடுதலாகப் பிடித்து ஈடு செய்துகொள்கிறது. ஜூனில் உன் சம்பளத்தில் குறைவாகப் பிடித்தார்கள் என்று அவரிடம் யாரும் வட்டி கேட்பதில்லை. அவருடைய வரி வருமானத்தைப் பின்தொடர்கிறது. தரகரின் வரி மட்டும் வருமானத்துக்கு முன்னால் போக வேண்டும் என்பது சமத்துவம் ஆகாது.

இரண்டாவது வாதம் நிர்வாகம் சார்ந்தது, இதுவே மூன்றில் வலுவானது. நிலம் விற்றதற்கு ஒரு பத்திரத் தேதி உண்டு. ஈவுத்தொகைக்கும் தேதி உண்டு. தொழில் வருமானம் அப்படியல்ல. அது வரவிலிருந்து செலவைக் கழித்து வருவது. எந்தக் காலாண்டில் எவ்வளவு லாபம் என்பதைத் தொழில் செய்பவரே தனக்கு வசதியாகத் தள்ளிப்போட்டுக் காட்ட முடியும். வரவை மார்ச்சுக்கும் செலவை ஜூனுக்கும் நகர்த்தினால் வட்டியே வராது. எல்லோரும் அப்படிச் செய்யத் தொடங்கினால் ஜூன், செப்டம்பர் தவணைகள் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இந்த அச்சம் உண்மையானது. ஆனால் 30 ஆண்டுகளுக்கு முன் இருந்த அளவுக்கு இன்று அது கனக்கவில்லை. டிடிஎஸ் பிடிக்கப்பட்ட ஒவ்வொரு தொகையும் தேதியோடு 26ஏஎஸ் அறிக்கையில் நிற்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவரின் விற்றுமுதல் அந்தத் துறையிடம் தேதிவாரியாக இருக்கிறது. பத்திரப்பதிவுக்கும் நாள் உண்டு, வங்கிக் கணக்கில் வந்த தொகைக்கும் நாள் உண்டு. மூலதன ஆதாயத்தையும் ஈவுத்தொகையையும் எந்தத் தவணைக் காலத்தில் வந்தன என்று பிரித்துக் காட்டும் கட்டங்கள் ரிட்டர்ன் படிவத்தில் இப்போதே இருக்கின்றன. அமெரிக்காவில் இதற்கு ஒரு முறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஏற்ற இறக்கமான வருமானம் உள்ளவர், அந்தந்தக் காலகட்டம் வரை உண்மையில் ஈட்டியதை ஆண்டு அளவுக்கு விரித்து, அதன்படி தவணை கட்டினால் அபராதம் இல்லை. Form 2210 படிவத்தின் Schedule AI அதற்கானது. நிரப்புவது எளிதல்ல, ஆனால் வழி இருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவருக்கு வேறொரு பாதுகாப்பும் அங்கே உண்டு. சென்ற ஆண்டின் மொத்த வரிக்குச் சமமான தொகையை, வருமானம் மிகுந்தவர் என்றால் அதில் 110 சதவீதத்தை, இந்த ஆண்டு தவணைகளில் கட்டிவிட்டால் வருமானம் எவ்வளவு கூடினாலும் அபராதம் கிடையாது. பிரிட்டனில் தவணைத் தொகையே சென்ற ஆண்டின் வரியில் பாதி பாதியாகத்தான் தொடங்குகிறது. தெரிந்த தொகையை அடிப்படையாகக் கொள்வதோ, தெரியவரும்போது கட்ட விடுவதோ, இரண்டில் ஒன்றையாவது அந்த நாடுகள் செய்திருக்கின்றன. நம் சட்டம் இரண்டையும் செய்யவில்லை.

மூன்றாவது வாதம்: சிறு தொழில் செய்பவர்களுக்கு ஏற்கெனவே சலுகை இருக்கிறது. 44ஏடி, 44ஏடிஏ பிரிவுகளின் கீழ் வரவில் குறிப்பிட்ட விகிதத்தை லாபமாகக் காட்டுபவர்கள் நான்கு தவணை கட்ட வேண்டாம். மார்ச் 15இல் ஒரே தவணை போதும். உண்மைதான், மிக நல்ல ஏற்பாடு. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், திரைத்துறையில் பட்டியலிடப்பட்ட கலைஞர்கள் போன்றோர் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள், ரொக்கமாக வாங்கியது ஐந்து சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை, இதில் சேரலாம். ஆனால் கமிஷன், தரகு வருமானம் உள்ளவர்களை 44ஏடி பிரிவு பெயர் சொல்லியே விலக்கிவைக்கிறது. 44ஏடிஏ பட்டியலிலும் அவர்கள் இல்லை. மனைத் தரகர், காப்பீட்டு முகவர், கமிஷன் ஏஜென்ட் என வருமானம் மிக அதிகமாக ஏறி இறங்குகிறவர்களே வெளியே நிற்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 75 லட்சத்துக்குள் அடங்கும் என்று நம்பி மார்ச்சுக்காகக் காத்திருந்த ஒளிப்பதிவாளருக்குப் பிப்ரவரியில் ஒரு பெரிய சம்பளம் வந்து வரம்பு தாண்டினால், அந்த ஆண்டு முழுவதற்கும் சலுகை போய்விடும். கடந்துபோன மூன்று தவணைகளுக்கும் வட்டி வந்து நிற்கும்.

தொகை சிறிதுதானே என்று சிலர் கேட்கலாம். 20 லட்சம் சம்பாதித்தவருக்கு 8,100 ரூபாய் தாங்க முடியாத சுமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என் ஆட்சேபம் தொகையின் அளவைப் பற்றியது அல்ல. இந்த வட்டியைத் தவிர்க்க அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று எதிர்க்கணக்குப் போட்டுப் பார்த்தால் குறை எங்கே என்பது தெரியும். ஜூனிலும் செப்டம்பரிலும் சட்டம் சற்று இடம் தருகிறது. 15க்குப் பதில் 12 சதவீதமும், 45க்குப் பதில் 36 சதவீதமும் கட்டியிருந்தால் வட்டி இல்லை. அதன்படி ஜூனுக்குள் 24,000, செப்டம்பருக்குள் 72,000, டிசம்பருக்குள் 1,50,000 அவர் கட்டியிருக்க வேண்டும். டிசம்பர் வரை அவர் ஈட்டியதே ஆறு லட்சம். வரியே இல்லாத அந்த ஆறு லட்சத்தில் கால் பங்கை அரசிடம் கொடுத்துவிட்டு, வருமா வராதா என்று தெரியாத ஒரு கிரயத்துக்காக அவர் காத்திருக்க வேண்டும். கிரயம் கலைந்துபோயிருந்தால் அந்தப் பணம் ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டு வரும்வரை முடங்கிக் கிடக்கும். அதற்கு அரசு தரும் வட்டி மாதம் அரை சதவீதம், அதுவும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான். ஜூனிலிருந்து மார்ச் வரை அரசு வைத்திருந்த காலத்துக்கு ஒன்றுமில்லை. குறைத்துக் கட்டினால் ஒரு வட்டி, கூடுதலாகக் கட்டினால் அரை வட்டி. அவர் நேர்மையாக மதிப்பிட்டாலும் இழக்கிறார், பயந்து அதிகமாகக் கட்டினாலும் இழக்கிறார்.

நிவாரணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 234சி வட்டி கட்டாயமானது, அதிகாரி இரக்கப்பட்டுக் குறைக்க இடமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2001இல் அஞ்சும் காஸ்வாலா வழக்கில் நிலைநாட்டியது. ஆனால் மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்குச் சில வகை வழக்குகளில் தளர்வு தரும் அதிகாரம் இருக்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றது. அந்த அதிகாரத்தின் கீழ் வாரியம் 2006 ஜூனில் வெளியிட்ட ஆணையில் நம் தரகருக்கு நேராகப் பொருந்தும் ஒரு பத்தி இருக்கிறது. மூலதன ஆதாயம் அல்லாத ஒரு வருமானம் தவணைத் தேதிக்குப் பிறகு வந்து, அது எதிர்பார்க்கப்படாததாகவும் எண்ணத்திலேயே இல்லாததாகவும் இருந்து, அதற்கான வரி மீதித் தவணைகளில் கட்டப்பட்டிருந்தால், தலைமை ஆணையர் 234சி வட்டியைக் குறைக்கலாம் அல்லது தள்ளுபடி செய்யலாம்.

அந்த ஆணை காகிதத்தில் நியாயமானது. நடைமுறையில் தரகருக்கு அது எட்டாது. எட்டாயிரம் ரூபாய்க்காகத் தலைமை ஆணையருக்கு மனு எழுதி, ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுத்து, பதிலுக்குக் காத்திருப்பவர் யார்? அதைவிடப் பெரிய தடை அந்த நிபந்தனையிலேயே இருக்கிறது. நிலம் விற்றுக் கமிஷன் வருவது அவர் எண்ணத்திலேயே இல்லாத வருமானம் என்று ஒரு தரகர் எப்படிச் சொல்வார்? அதை எதிர்பார்ப்பதுதான் அவருடைய தொழில். வரும் என்ற நம்பிக்கை எப்போதும் இருக்கும், எப்போது வரும் என்பதுதான் தெரியாது. விதியோ வருமா என்பதை மட்டும் சோதிக்கிறது.

234சி பிரிவில் இன்னொரு குறையும் உண்டு. இது வருமானம் சீராக உள்ளவரையும் தாக்குகிறது. ஜூன் தவணையை ஒரே ஒரு நாள் தாமதித்து 16ஆம் தேதி கட்டினாலும் மூன்று மாத வட்டி முழுமையாக உண்டு. செப்டம்பர் 14ஆம் தேதி கட்டினாலும் அதே வட்டிதான். தாமதித்த நாட்களைப் பிரிவு எண்ணுவதில்லை, மூன்று மாதம் என்று உறுதியாக எழுதிவைத்திருக்கிறது. விளைவு என்ன? ஒரு நாள் தவறியவருக்கு அடுத்த 90 நாட்களுக்குக் கட்ட எந்தத் தூண்டுதலும் இல்லை. காலம் தாழ்த்தாமல் கட்ட வைப்பதே இந்த வட்டியின் நோக்கம் என்றால், இந்த வாசகம் அந்த நோக்கத்துக்கே எதிராக வேலை செய்கிறது.

தனிநபர்களுக்கு இந்தச் சுமை முன்பு குறைவாக இருந்தது. 2016க்கு முன் அவர்களுக்கு ஜூன் தவணையே கிடையாது. செப்டம்பரில் 30 சதவீதம், டிசம்பரில் 60, மார்ச்சில் 100. அந்த முறையில் நம் தரகரின் வட்டி 5,400 ரூபாய்தான் ஆகியிருக்கும். கம்பெனிகளுக்கான நான்கு தவணை முறையை 2016இல் தனிநபர்கள் மீதும் விரித்தார்கள். கணக்கர்களும் நிதிப் பிரிவும் உள்ள ஒரு கம்பெனிக்கு ஆண்டு தொடங்கி இரண்டரை மாதத்தில் ஆண்டு லாபத்தைக் கணிப்பது இயலும். தனி ஆளாகத் தொழில் செய்கிறவருக்கு அது ஊகம். இதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. கமிஷன் மீதான டிடிஎஸ் 2024 அக்டோபரில் ஐந்து சதவீதத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. கையில் பணம் கூடுதலாகத் தங்குவது நல்லதே. ஆனால் முன்பு தானாகவே பிடிபட்ட வரியில் ஒரு பகுதி இப்போது முன்கூட்டிய வரிப் பொறுப்பாக அவர் தலையில் வந்திருக்கிறது. டிடிஎஸ் குறைந்ததைக் கவனிக்காதவருக்கு அடுத்த ரிட்டர்னில் வட்டி கூடித் தெரியும்.

234பி பிரிவைப் பற்றி எனக்கு இப்படிப்பட்ட ஆட்சேபம் எதுவும் இல்லை. அது ஆண்டு முடிந்த பிறகு, ஏப்ரலிலிருந்துதான் ஓடுகிறது. அதற்குள் வருமானம் முழுதும் தெரிந்துவிடுகிறது. 10 சதவீதம் வரை பிசகினாலும் பொறுத்துக்கொள்கிறது. மார்ச் 15ஐத் தவறவிட்டவர் மார்ச் 31க்குள் கட்டினாலும் அதை முன்கூட்டிய வரியாகவே ஏற்கிறது. நம் தரகர் மார்ச்சில் கட்டாமல் ஜூலை 20ஆம் தேதி ரிட்டர்னோடு சேர்த்துக் கட்டியிருந்தால் மார்ச் தவணைக்கு 2,000 ரூபாய் கூடி 234சி வட்டி 10,100 ஆகியிருக்கும். 234பியின் கீழ் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 8,000 சேர்ந்திருக்கும். மொத்தம் 18,100. இதில் அந்தப் பின்பகுதி 10,000 ரூபாய் முழுக்க முழுக்க நியாயமான வட்டி. ஜனவரியிலேயே கைக்கு வந்த பணத்தில் அரசின் பங்கை அவர் தெரிந்தே வைத்திருந்ததற்கான விலை அது. முதல் 8,100க்கு அந்த நியாயம் இல்லை. சட்டம் இரண்டையும் ஒரே விகிதத்தில், ஒரே பட்டியலில் சேர்த்துக் காட்டுவதால் இந்த வேறுபாடு கட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டம் மாறும்வரை ஏறி இறங்கும் வருமானம் உள்ளவர் என்ன செய்வது என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. வராத பணத்துக்கு வரி கட்டுவதற்காகக் கைமாற்று வாங்காதீர்கள். ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கி, நூற்றுக்கு ஒரு வட்டியைத் தவிர்ப்பது நஷ்டம். அதுவரை வந்ததையும் உறுதியாக வரப்போவதையும் வைத்து ஒவ்வொரு தவணைக்கும் முன் ஒருமுறை மதிப்பிடுங்கள், அதற்கு மட்டும் கட்டுங்கள். பெரிய தொகை வந்ததும் அதற்கு உரிய முழு வரியையும் அடுத்த தவணைத் தேதிக்குள் கட்டிவிடுங்கள். பழைய தவணைகளின் வட்டியை அது அழிக்காது, ஆனால் வரவிருக்கும் தவணைகளின் வட்டியைத் தடுக்கும். நம் தரகருக்கு அதே கமிஷன் நவம்பரில் வந்திருந்து, டிசம்பர் 15க்குள் கட்டியிருந்தால் 8,100இல் 4,500 மிச்சமாகியிருக்கும். இணையதளத்தில் கட்டும்போது ஆண்டையும் வகையையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 2025-26 வருமானத்துக்கான மதிப்பீட்டு ஆண்டு 2026-27. வகை `Advance Tax (100)`. ஆண்டு மாறிப் போனால் கட்டிய பணமே ரிட்டர்னில் கணக்குக்கு வராது. வந்த வட்டி சரியா என்று ஆடிட்டரிடம் தவணைவாரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். மூலதன ஆதாயமோ ஈவுத்தொகையோ இருந்து அது வந்த காலத்தைப் பிரித்துக் காட்டாமல் விட்டிருந்தால், சட்டம் தரும் விலக்கையும் சேர்த்து இழந்திருப்பீர்கள்.

என் தீர்ப்பு இது. மாதம் ஒரு சதவீதம் என்ற விகிதம் நியாயமானது. 234பி நியாயமானது. மூன்று மாதம் என்ற கட்டாய அளவு தவறு. அதைத் தாமதித்த மாதங்களுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும். தொழில் வருமானத்தை 234சி விலக்கிலிருந்து வெளியே வைத்திருப்பதற்கு ஒரு காலத்தில் நிர்வாகக் காரணம் இருந்தது, இன்று அது போதாது. எல்லா வருமானத்துக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. செலவுகளைக் காலாண்டுவாரியாகப் பிரிப்பதில் உள்ள சிக்கலைத் தவிர்க்க, ஆண்டு வரவில் கால் பங்குக்கு மேற்பட்ட ஒரே தொகை வங்கி மூலம், தேதியோடு, ஒரு தவணைக் காலத்தில் வந்திருந்தால் அதற்கு மட்டும் இந்த விலக்கை விரிக்கலாம். நிலம் விற்றவருக்கு இப்போது எந்த வாசகம் பொருந்துகிறதோ அதே வாசகம் போதும். இரண்டு வரிச் சட்டத்திருத்தத்தில் இது முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுக்கு முன் தொழில், வணிக அமைப்புகளிடம் நிதி அமைச்சகம் ஆலோசனை கேட்கிறது. மனைத் தரகர் சங்கங்களும் காப்பீட்டு முகவர் சங்கங்களும் வரி ஆலோசகர்களும் இந்த ஆண்டு தங்கள் மனுவில் இந்த ஒரு கோரிக்கையை, கணக்கோடு, முதலாவதாக வைக்க வேண்டும்.